ரொக்கத் தள்ளுபடி: விலைப்பலகையில் எந்த விலையை எழுத வேண்டும்?

அட்டையில் பணம் பெறும் வணிகர், வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணத்தை வாடிக்கையாளரிடமிருந்து மீட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அட்டையில் செலுத்துவோரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது. மற்றொன்று, ரொக்கமாகத் தருவோருக்கு விலையைக் குறைப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி முதல் பெரும்பாலான நுகர்வோர் அட்டைகளுக்கு முதல் வழி தடைசெய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவில் மாநிலச் சட்டங்களும் அட்டை நிறுவனங்களின் விதிகளும் அதற்கு எல்லை வகுக்கின்றன. ரொக்கத் தள்ளுபடிக்கு இரு இடங்களிலும் அனுமதி உண்டு. அந்த அனுமதியை நம்பித்தான் பல சிறு வணிகர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

விலைப்பலகையில் இருப்பது அட்டைக்கான முழு விலையாக இருந்தால்தான் அது தள்ளுபடி. பொருளுக்கு உங்கள் கையில் 100 சேர வேண்டும், வங்கிக் கட்டணம் 2.5 சதவீதம் என்று கொள்வோம். 100-ஐ 0.975-ஆல் வகுத்து, 102.56 என்று பலகையில் எழுத வேண்டும். 102.50 என்று எழுதினால், கட்டணம் அந்த முழுத் தொகையின் மீது பிடிக்கப்படுவதால் உங்களுக்கு 99.94 மட்டுமே வரும். ரொக்கம் தருபவருக்கு 2.56 குறைத்து 100 வாங்குகிறீர்கள். இந்தச் சலுகை எல்லா வாடிக்கையாளருக்கும் உண்டு என்பதை அவர்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

அட்டை இயந்திரம் விற்க வருபவர்களில் சிலர் இதைத் தலைகீழாக அமைத்துத் தருகிறார்கள். பலகையில் 100 இருக்கும். பணம் செலுத்தும்போது இயந்திரம் "சேவைக் கட்டணம்" என்று ஒரு தொகையைச் சேர்க்கும். ரொக்கம் தந்தால் அந்தத் தொகை நீங்கும். பெயர் ரொக்கத் தள்ளுபடி, செயல் கூடுதல் கட்டணம். இவ்வாறு சேர்ப்பது கூடுதல் கட்டணமே என்று விசா நிறுவனம் 2018-இல் எச்சரித்தது. மேலும், அமெரிக்காவில் டெபிட் அட்டைக்குக் கூடுதல் கட்டணம் வாங்கவே கூடாது என்றிருக்க, இந்த இயந்திரங்கள் கிரெடிட், டெபிட் என்று பாராமல் எல்லாவற்றிலும் அதைச் சேர்த்துவிடுகின்றன.

புகார் வந்தால், அட்டை நிறுவனம் வங்கிக்கு விதிக்கும் அபராதம் ஒப்பந்தப்படி வணிகர் தலையில் இறங்குகிறது. அப்போது வங்கியைக் கேட்டால் இயந்திரம் தந்தவரைக் கேட்கச் சொல்வார்கள். அவரோ அட்டை நிறுவனத்தைக் கை காட்டுவார். அட்டை நிறுவனம் மீண்டும் வங்கிக்கே அனுப்பும். வாய்மொழியாக "எல்லாம் சட்டப்படிதான்" என்று சொன்னவரின் பெயர் ஒப்பந்தத்தில் எங்கும் இராது.

ஆகவே கையெழுத்திடும் முன்பே, ஒரே பொருளுக்கு ரொக்கத்திலும் அட்டையிலும் மாதிரி ரசீது அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அட்டை ரசீதில் பலகை விலையும் விற்பனை வரியும் தவிர வேறு எந்தத் தொகையும் இருக்கக் கூடாது. ரொக்க ரசீதில் தள்ளுபடி தனிப் பதிவாகக் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால், பொருளைத் திருப்பித் தரும் வாடிக்கையாளர் 100 செலுத்திவிட்டு 102.56 கேட்கும்போது, அதை மறுக்க உங்களிடம் ஆதாரம் இராது.