கிலோகிராமின் 20 மைக்ரோகிராம் கீழே எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது?

2019 மே 20 அன்று கிலோகிராமின் வரையறை மாறியது. அதற்கு முன்பு வரை, பாரிசுக்கு அருகே செவ்ரேயில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறைதான் ஒரு கிலோகிராம். அன்று முதல் பிளாங்க் மாறிலியின் மதிப்பு h = 6.62607015 × 10⁻³⁴ J s என்று நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. கிலோகிராம் இப்போது அதிலிருந்து பெறப்படுகிறது.

இந்தச் செய்தி வந்தபோது காலிபரேஷன் வேலை செய்பவர்களிடம் பலரும் கேட்ட கேள்வி, 'இனி எடைக்கற்களை எல்லாம் மறுபடியும் சரிபார்க்க வேண்டுமா?' என்பதுதான். வேண்டியதில்லை. ஆனால் 'எதுவும் மாறவில்லை' என்று சொல்வதும் சரியல்ல. மேல்மட்டத்தில் ஒன்று மாறியது, அதுவும் பலர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான திசையில். உச்சியில் நிச்சயமின்மை குறையவில்லை, சற்றுக் கூடியது.

காரணம் இதுதான். பழைய வரையறையில் செவ்ரே உருளையின் நிறைக்கு நிச்சயமின்மையே கிடையாது. அதன் மேல் தூசி படிந்தாலும், தேய்ந்தாலும், அதுவே ஒரு கிலோகிராம். அதோடு சேர்த்து வார்க்கப்பட்ட நகல் உருளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுமார் 100 ஆண்டுகளில் அவற்றுக்கும் மூல உருளைக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் விலகல் உண்டாகியிருந்தது. நகல்கள் கனத்தனவா, மூலம் இளைத்ததா என்று கேட்கவே வழியில்லை. அளவுகோலே அதுதான் என்னும்போது அதை எதைக் கொண்டு அளப்பது?

மாறிலியையும் நிறையையும் இணைப்பது கிப்பிள் தராசு. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிரையன் கிப்பிள் 1975-இல் முன்வைத்த யோசனை அது. காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் செலுத்தி, எடைக்கல்லின் எடையை மின்விசையால் தாங்கச் செய்வது முதல் கட்டம். எடைக்கல்லை எடுத்துவிட்டு, அதே சுருளை அதே காந்தப் புலத்தில் தெரிந்த வேகத்தில் நகர்த்தி, அதில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளப்பது இரண்டாம் கட்டம். காந்தப் புலத்தின் வலிமையும் கம்பியின் நீளமும் இரண்டு கட்டங்களிலும் ஒன்றேயாக வருவதால், சமன்பாட்டில் அவை அடிபட்டுப் போகின்றன. எஞ்சுவது mgv = UI மட்டும்: நிறை, ஈர்ப்பு முடுக்கம், வேகம் மூன்றின் பெருக்கற்பலன், மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கற்பலனுக்குச் சமம். மின்னழுத்தத்தை ஜோசப்சன் விளைவாலும், மின்னோட்டத்தை அதோடு குவாண்டம் ஹால் விளைவையும் சேர்த்தும் அளக்கிறார்கள். இரண்டிலும் பிளாங்க் மாறிலி ஒளிந்திருக்கிறது.

2019-க்கு முன்பு இதே தராசில், நிறை தெரிந்த கல்லை வைத்து h-ஐக் கண்டுபிடித்தார்கள். இப்போது h தெரியும், கல்லின் நிறையைக் கண்டுபிடிக்கிறார்கள். கருவியும் சமன்பாடும் அவையே. முன்பு h-இன் மதிப்பில் இருந்த நிச்சயமின்மை, வரையறை மாறியதும் இடம் பெயர்ந்து உருளையின் மேல் உட்கார்ந்தது. மாற்றம் நிகழ்ந்த நாளில் செவ்ரே உருளையின் நிறை 1 கிலோகிராம், அதன் திட்ட நிச்சயமின்மை 10 மைக்ரோகிராம்.

கதை அதோடு முடியவில்லை. வெவ்வேறு நாடுகளின் கிப்பிள் தராசுகளும், சிலிக்கான்-28 கோளத்தில் உள்ள அணுக்களை எண்ணும் முறையும் தரும் கிலோகிராம்கள் ஒன்றோடொன்று எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு நாடும் தன் தராசு காட்டியதையே கிலோகிராம் என்று வழங்கத் தொடங்கினால், இரண்டு நாட்டு எடைக்கற்கள் முரண்படும். எனவே இப்போதைக்கு ஒருமித்த மதிப்பு ஒன்றை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். 2021 பிப்ரவரி முதல் செவ்ரே உருளையின் நிறை 1 கிலோகிராமுக்கு 2 மைக்ரோகிராம் குறைவு என்றும், 2023 மார்ச் முதல் 7 மைக்ரோகிராம் குறைவு என்றும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டிலும் திட்ட நிச்சயமின்மை 20 மைக்ரோகிராம். ஒவ்வொரு எடைக்கல்லும் தனக்கு மேலுள்ள கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும் சங்கிலியின் தலையில் இப்போது அமர்ந்திருப்பது இந்த 20 மைக்ரோகிராம்தான், அதாவது 0.02 மில்லிகிராம். அது சங்கிலியில் எதுவரை தெரிகிறது என்று பார்த்துவிட்டால், தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எடைக்கற்களுக்குச் சர்வதேச அளவில் தர வகுப்புகள் உண்டு. உச்சத்தில் இ1, அடுத்து இ2, பிறகு எஃப்1 என்று இறங்கிக்கொண்டே போகும். 1 கிலோ கல்லுக்கு அனுமதிக்கப்படும் பிழை இ1-இல் 0.5 மில்லிகிராம், இ2-இல் 1.6, எஃப்1-இல் 5. காலிபரேஷனின் விரிவாக்கிய நிச்சயமின்மை, அதாவது திட்ட நிச்சயமின்மையின் இரு மடங்கு, இந்த அனுமதியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தாக வேண்டும்.

சாதாரணக் கூடம் ஒன்றில் அன்றாடம் நடக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். எஃப்1 வகுப்பு 1 கிலோ கல் ஒன்று வந்திருக்கிறது. அதை இ2 கல்லோடு ஒப்பிட வேண்டும். இரண்டு கற்களும் முந்தைய நாளே தராசு அறைக்குள் வைக்கப்பட்டு, அறையின் வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். சூடான கல்லைச் சுற்றிக் காற்று மேலெழும்பி, கல்லைச் சற்றுத் தூக்கிவிடும். அதனால் கல் இருப்பதைவிட எடை குறைவாகக் காட்டும்.

பிறகு தரக்கல், சோதனைக்கல், மறுபடியும் சோதனைக்கல், மறுபடியும் தரக்கல் என்ற வரிசையில் நான்கு முறை வைக்கிறோம். சம இடைவெளியில் கிடைத்த வாசிப்புகள் மில்லிகிராமில் 0.12, 1.06, 1.08, 0.18 என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்கல்லின் சராசரி 1.07, தரக்கல்லின் சராசரி 0.15, வித்தியாசம் 0.92. முதல் இரண்டு வாசிப்புகளை மட்டும் எடுத்திருந்தால் 0.94 வந்திருக்கும். வாசிப்புக்கு வாசிப்பு தராசு 0.02 மில்லிகிராம் நகர்ந்துகொண்டிருப்பதைத் தரக்கல்லின் இரண்டு வாசிப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. உலகத்துக் கிலோகிராமின் மொத்த நிச்சயமின்மையும், இந்த அறையில் ஒரு வாசிப்பிலிருந்து அடுத்த வாசிப்புக்குள் தராசு நகர்ந்த தூரமும் ஒரே அளவு!

இப்போது நிச்சயமின்மைக் கணக்கு. தரக்கல்லின் சான்றிதழிலிருந்து 0.25 மில்லிகிராம், கடைசிக் காலிபரேஷனுக்குப் பிறகு அது மாறியிருக்கக்கூடியதற்கு 0.1, வாசிப்புகளின் சிதறலுக்கு 0.1, காற்றின் மிதப்புக்கு 0.05. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.292. இரு மடங்கு 0.583 மில்லிகிராம். இந்த வகுப்புக்கான வரம்போ 1.67. கிலோகிராமின் 0.02, இ2 கல்லின் சான்றிதழுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்க வேண்டியது. ஆனாலும் வேண்டுமென்றே அதைத் தனியாக இன்னொரு முறை சேர்த்துப் பார்த்தால் 0.583 என்பது 0.584 ஆகிறது, அவ்வளவே. சான்றிதழில் இரண்டு இலக்கத்துக்குத் திருத்தி எழுதும்போது இரண்டுமே 0.58.

அதே கணக்கை இ1-இல் செய்தால் நிலைமை வேறு. ஒப்பீட்டுத் தராசும் மற்றவையும் சேர்ந்து 0.03 மில்லிகிராம் என்று கொள்வோம். மேலிருந்து வரும் நிச்சயமின்மை முன்பு 0.005 ஆக இருந்திருந்தால், விரிவாக்கிய நிச்சயமின்மை 0.061 மில்லிகிராம். இப்போது அது 0.02 என்றால் 0.072 ஆகிறது. வரம்பு 0.167, எனவே இடம் போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் இ1 கற்களைச் சரிபார்க்கும் சில கூடங்களின் சான்றிதழில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நிச்சயமின்மைக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருந்தவர்கள் அவர்களும், அவர்களுக்கு மேலே உள்ள தேசிய ஆய்வகங்களும்தான்.

இந்த உயரத்திலும் பெரிய தொல்லை வரையறை அல்ல, காற்று. பிளாட்டினம்-இரிடியம் கிலோவின் கனஅளவு சுமார் 46.5 கனசென்டிமீட்டர், துருப்பிடிக்காத எஃகு கிலோவினுடையது சுமார் 125. இரண்டையும் காற்றில் ஒப்பிட்டால், எஃகு இடம்பெயர்க்கும் கூடுதல் காற்றுக்காக ஏறத்தாழ 94 மில்லிகிராம் திருத்தம் செய்ய வேண்டும். காற்றின் அடர்த்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறு இருந்தால், முடிவில் 0.094 மில்லிகிராம் தவறு வரும். அறை வெப்பமானி 0.3 டிகிரி தவறாகக் காட்டினாலே போதும், அவ்வளவு தவறு நுழைந்துவிடும். கிலோகிராமின் நிச்சயமின்மையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு அது. வரையறையைப் பற்றிக் கவலைப்படும் கூடம் முதலில் தன் வெப்பமானியின் சான்றிதழையும், காற்றழுத்தமானியின் சான்றிதழையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

தராசுகளின் பக்கமும் எதுவும் மாறவில்லை. மின்னணுத் தராசு உணர்வது விசையை. ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்துக்குள் சுமார் 0.5 சதவீதம் மாறுகிறது. எனவே ஓர் ஊரில் சரிசெய்த தராசை வேறு ஊருக்குக் கொண்டுபோனால், அங்கே எடைக்கல் வைத்து மறுபடியும் சரிசெய்தே ஆக வேண்டும். பிளாங்க் மாறிலி நிலையாகிவிட்டது என்பதற்காகத் தராசுக்கு அந்த ஊரின் ஈர்ப்பு தெரிந்துவிடாது.

உண்மையான ஆதாயம் கிலோவில் அல்ல, மில்லிகிராமில் இருக்கிறது. பழைய முறையில் 1 மில்லிகிராம் கல்லுக்கு மதிப்பு கிடைக்க, 1 கிலோவைப் படிப்படியாகப் பிரித்துக் கீழே வர வேண்டும். 500 கிராம், 200, 100 என்று ஒவ்வொரு படியிலும் ஒப்பீடு, ஒவ்வொரு ஒப்பீட்டிலும் கொஞ்சம் நிச்சயமின்மை. அதனால்தான் 1 மில்லிகிராம் இ1 கல்லுக்கே 0.003 மில்லிகிராம் பிழை அனுமதிக்கப்படுகிறது. அது 0.3 சதவீதம். 1 கிலோ இ1 கல்லுக்கோ 20 லட்சத்தில் ஒரு பங்குதான். புதிய வரையறையில் கிலோவுக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. மில்லிகிராம் அளவிலேயே நிலைமின் விசையால் கல்லைத் தாங்கி, மின்னழுத்தத்தையும் மின்தேக்கத் திறன் மாறும் வீதத்தையும் அளந்து, நேரடியாக நிறையைச் சொல்ல முடியும். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் இப்படி ஒரு நிலைமின் தராசை உருவாக்கி மில்லிகிராம் கற்களை அளந்திருக்கிறது.

மேலே நடக்கப்போகும் அடுத்த மாற்றமும் இப்போதே தீர்மானிக்கப்பட்டதுதான். நாடுகளின் கிப்பிள் தராசுகளும் சிலிக்கான் கோளங்களும் போதிய அளவுக்கு ஒத்துப்போகத் தொடங்கியதும், ஒருமித்த மதிப்பு கைவிடப்படும். அதன் பின் தேசிய ஆய்வகம் ஒவ்வொன்றும் தன் சொந்தத் தராசில் பெற்ற கிலோவையே வழங்கலாம். அதுவரை, அந்தத் தராசுகளைத் தொடர்ந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டு வருகிறார்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்குப் பிறகும் ஒருமித்த மதிப்பு சில மைக்ரோகிராம் நகரக்கூடும். 2023-இல் நகர்ந்தது 5 மைக்ரோகிராம். எஃப்1 கல்லைச் சரிபார்த்த நம் எடுத்துக்காட்டில், தராசு ஒரு வாசிப்புக்குள் நகர்ந்த தூரத்தில் அது கால் பங்கு.