சொலிலக்வி, அசைடு: நாடக மேடையில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நாடகம் படிக்கிற மாணவர்களிடம் சொலிலக்வி என்றால் என்ன என்று கேட்டால் ‘தனியாகப் பேசுவது’ என்பார்கள், அசைடு என்றால் ‘தனக்குள் பேசுவது’ என்பார்கள். இரண்டும் தப்பில்லை, ஆனால் ஒரு காட்சியைக் கையில் கொடுத்து இதில் எது எது என்று கேட்டால் இந்த விளக்கம் கைகொடுக்காது. தனியாகப் பேசுகிறவனும் தனக்குள்தானே பேசுகிறான்? அதனால் நான் வேறு ஒரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்தப் பேச்சு வரும்போது மேடையில் ஏற்கெனவே ஓர் உரையாடல் ஓடிக்கொண்டிருக்கிறதா?

ஓடிக்கொண்டிருந்து, அதன் நடுவே ஒரு பாத்திரம் சட்டென்று விலகி, கூட இருப்பவர் காதில் விழாதபடி (பார்வையாளர் காதில் மட்டும் விழும்படி) ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் உரையாடலுக்குள் போனால் அது அசைடு. வெட்டுவதற்கு உரையாடலே இல்லை, பாத்திரம் தன் மனத்தோடு மட்டும் இருக்கிறது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அது சொலிலக்வி. நீளம் எல்லாம் இதன் விளைவுதான். அடுத்தவர் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கும்போது முப்பது வரி பேச முடியாது, அதனால் அசைடு பெரும்பாலும் ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடும். சொலிலக்விக்கு அந்த நெருக்கடி கிடையாது.

சொலிலக்வி என்ற சொல் மேடையில் பிறந்தது அல்ல. லத்தீனில் ‘சோலுஸ்’ என்றால் தனி, ‘லோக்வி’ என்றால் பேசுதல். இரண்டையும் சேர்த்துப் புனித அகஸ்தீன் சுமார் 386-387இல் எழுதிய தன் நூலுக்கு ‘சொலிலோக்வியா’ என்று பெயர் வைத்தார். நம்மோடு நாமே தனியாகப் பேசுவதால் இந்தப் பெயர் என்று அந்த நூலுக்குள்ளேயே காரணமும் சொல்கிறார், இது புதுப்பெயர்தான், காதுக்குக் கொஞ்சம் கரடாகக்கூட இருக்கலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த நூலில் இரண்டு குரல்கள் பேசிக்கொள்கின்றன. ஒன்று அகஸ்தீன், இன்னொன்று அவருடைய பகுத்தறிவு. அதாவது தனியாக இருக்கிற ஒருவன் தனக்குத்தானே கேள்வி கேட்டுத் தானே பதில் தேடுவதுதான் இந்தச் சொல்லின் முதல் பொருள். ஆங்கிலத்துக்கும் இது முதலில் சமயத் தியானம் என்ற பொருளில்தான் வந்தது, நாடகச் சொல்லானது அப்புறம்தான். நல்ல சொலிலக்வி எதை எடுத்துப் பார்த்தாலும் அந்தக் கேள்வி-பதில் இழுபறி உள்ளே இருக்கும். அசைடு என்ற சொல்லுக்கு இவ்வளவு கதை இல்லை, ‘பக்கமாக’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள், மேடைக்குறிப்பாக அடைப்புக்குறிக்குள் எழுதி எழுதிப் பெயராகவே நின்றுவிட்டது.

சரி, ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’, மூன்றாம் அங்கம், முதல் காட்சி. சில வரிகள் இடைவெளியில் இரண்டும் வருகிற இடம் இது, இரண்டும் எல்லையில் எப்படி வழுக்குகின்றன என்பதும் இதிலேயே தெரியும்.

மன்னன் கிளாடியஸும் அமைச்சன் பொலோனியஸும் ஹாம்லெட்டை ஒளிந்திருந்து பார்க்கத் திட்டம் போடுகிறார்கள். பொலோனியஸ் தன் மகள் ஒஃபீலியா கையில் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்து, இதை வாசிப்பதுபோல் இங்கே நட, தனியாக இருப்பது இயல்பாகத் தெரியும் என்கிறான். கொடுத்த கையோடு, பக்தி முகத்தைப் பூசிச் சாத்தானையே இனிப்பாக்கிவிடுகிறோம் என்றும் சொல்லிவைக்கிறான். அவன் போகிறபோக்கில் சொன்னது அது. மன்னனுக்கு அது சுருக்கென்று தைக்கிறது. அந்தச் சொல் என் மனச்சாட்சியில் சாட்டையாக விழுகிறதே, பூச்சுப் பூசிய முகத்தைவிட என் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் செயல் அருவருப்பானது, என்ன கனமான சுமை என்கிறான். பக்கத்தில் நிற்கும் பொலோனியஸுக்கு இது கேட்கவில்லை. அவன் அடுத்து சொல்வது, இளவரசன் வருகிற சத்தம் கேட்கிறது, ஒளிந்துகொள்வோம் என்பதுதான்.

இது அசைடு. இந்த ஐந்தாறு வரி செய்யும் வேலையைக் கவனியுங்கள். மன்னன்தான் தன் அண்ணனை, அதாவது ஹாம்லெட்டின் அப்பாவைக் கொன்றான் என்று அதுவரை நமக்குச் சொன்னது ஓர் ஆவி மட்டுமே, அதை நம்பலாமா என்று ஹாம்லெட்டுக்கே சந்தேகம். மன்னன் வாயிலிருந்தே அவன் மனத்தில் ஒரு குற்றம் கனக்கிறது என்று தெரிவது இங்கேதான் முதல் தடவை. இந்த நிமிடத்திலிருந்து பார்வையாளருக்குத் தெரிந்தது ஹாம்லெட்டுக்குத் தெரியாது. இதை மன்னன் சாவகாசமாகத் தனியே உட்கார்ந்து சொல்லியிருந்தால் இந்த அழுத்தம் வராது. ஒரு சொல் குத்தியது, அந்த நொடியே வலி வெளியே வந்தது, பக்கத்தில் ஆள் இருப்பதால் உடனே மூடியும் ஆயிற்று.

அடுத்து ஹாம்லெட் வருகிறான். இருப்பதா இல்லாமல் போவதா என்று தொடங்குகிற, உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பேச்சு, முப்பது வரிக்குச் சற்று மேல். சொலிலக்விக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இதுதான். ஆனால் அந்த நேரத்தில் மேடையில் ஹாம்லெட் தனியாக இல்லை! ஒஃபீலியா புத்தகத்தோடு அங்கேயே இருக்கிறாள், இன்னும் இரண்டு பேர் மறைவில் நிற்கிறார்கள். ‘மேடையில் ஒருவர் மட்டும் இருந்து பேசுவது’ என்று இலக்கணம் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பேச்சின் கடைசியில்தான், பொறு, அழகிய ஒஃபீலியா என்று அவளைக் கவனிப்பதுபோல் ஒரு வரி வருகிறது. அதுவரை அவன் தான் தனியாக இருப்பதாகவே எண்ணிப் பேசுகிறான், எந்த உரையாடலையும் அவன் வெட்டவில்லை, அதனால் சொலிலக்வி. அகஸ்தீன் சொன்ன அந்தக் கேள்வி-பதிலும் இதில் அப்படியே இருக்கிறது. இன்னொன்று, மூலத்தில் இந்தப் பேச்சு முழுவதிலும் ‘நான்’ என்ற சொல் ஒருமுறைகூட இல்லை, ‘நாம்’தான் வருகிறது. தன் அப்பாவின் கொலையைப் பற்றியும் பேச்சில்லை. சொலிலக்வி என்றாலே சொந்தக் கதையைக் கொட்டுவது என்று நினைத்திருந்தால் இதை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

மறைந்து நின்றவர்கள் இதைக் கேட்டார்களா? காட்சி முடிவில் பொலோனியஸ் மகளிடம், ஹாம்லெட் சொன்னதை நீ சொல்ல வேண்டாம், எல்லாம் கேட்டோம் என்கிறான். ஆக, மறைவிடத்திலிருந்து காது கேட்கும். ஆனாலும் சாவைப் பற்றிய அந்தப் பேச்சை இரண்டு பேரில் ஒருவர்கூடக் குறிப்பிடுவதில்லை. அவர்கள் கேட்கட்டும் என்றே ஹாம்லெட் நடிக்கிறான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை, அவர்கள் இருப்பது அவனுக்குத் தெரியும் என்று காட்ட அந்த வரிகளில் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் இயக்கினால் இதை முடிவு செய்யாமல் ஒத்திகைக்குப் போக முடியாது, ஏனென்றால் நடிகரின் பார்வை எங்கே போகிறது என்பது இந்த முடிவைப் பொறுத்தது.

நீளமான பேச்சு எல்லாம் சொலிலக்வி என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆண்டனி பிணத்தின் பக்கத்தில் நின்று ரோமர்களிடம் பேசுவது மிக நீளம், ஆனால் கூட்டம் கேட்கிறது, இடையிடையே பதில் சொல்கிறது. அதன் பெயர் மோனோலாக். மோனோலாக்கை மற்ற பாத்திரங்கள் கேட்கலாம், சொலிலக்வியைக் கேட்பதாக வைப்பதில்லை.

மேடையில் அசைடுதான் சொதப்பும். முதல் சிக்கல் குரல். ரகசியம் என்பதால் நடிகர் கிசுகிசுக்கிறார், மூன்றாவது வரிசைக்குமேல் யாருக்கும் கேட்பதில்லை. ரகசியம் அடுத்த பாத்திரத்துக்குத்தான், பார்வையாளருக்கு அல்ல, அதனால் குரலைக் குறைக்காமல் திசையை மாற்ற வேண்டும், முழு உடம்பையும் திருப்பாமல் தலையும் கண்ணும் மட்டும் திரும்பினாலே போதும். இரண்டாவது சிக்கல் அடுத்த நடிகர். காதில் விழாத பேச்சுக்கு அவர் புருவம் உயர்ந்துவிட்டால் அசைடு செத்துவிடும், வெறுமனே காத்து நின்றாலும், இவர் காதில் மட்டும் எப்படி விழாமல் இருக்கிறது என்று பார்ப்பவருக்கு உறுத்தும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மேலே பார்த்த காட்சியில், பொலோனியஸ் மகளை எங்கே நிறுத்துவது, எப்படிப் புத்தகத்தைப் பிடிப்பது என்று சரிசெய்துகொண்டிருந்தால் மன்னனுக்குத் தேவையான நேரம் தானாகக் கிடைத்துவிடும்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழைய அச்சுப் பிரதிகளில் அசைடு என்ற குறிப்பு அபூர்வம், நாம் படிக்கும் பதிப்புகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் போட்டது. நாடகத்தில் ஹாம்லெட் முதன்முதலாக வாய் திறந்ததும் மன்னனைக் குத்திச் சொல்லும் வரியைப் பல பதிப்புகள் அசைடு என்று குறிக்கின்றன. அதை மன்னன் காதுபடச் சொன்னால் ஹாம்லெட் வேறு ஆள், சபையிலேயே மோதத் துணிந்தவன். அடைப்புக்குறியைப் பார்த்தவுடன் ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று நம்பிவிட வேண்டாம்.

தமிழில் என்ன சொல்வது? சொலிலக்விக்குத் ‘தனிமொழி’ நன்றாக நிலைத்துவிட்டது, தாராளமாக எழுதலாம். ஒரே தொல்லை, சிலர் மோனோலாக்கையும் அதே பெயரால் சொல்கிறார்கள். அதைத் ‘தனியாள் உரை’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும். இதைவிடப் பழைய சொல் ஒன்றும் இருக்கிறது. சிலப்பதிகார உரையில், அரங்கேற்று காதையில், அடியார்க்குநல்லார் நாடகச் சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். நெஞ்சோடு கூறுவது உட்சொல், கேட்பவர்க்கு உரைப்பது புறச்சொல், தானே கூறுவது ஆகாயச்சொல். திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருப்பதை நினைத்துக்கொண்டால் உட்சொல் என்பதன் பொருள் சட்டென்று பிடிபடும்.

அசைடுக்குப் ‘புறமொழி’ என்று எழுதலாமே என்று தோன்றும், பக்கமாகச் சொல்வதுதானே என்று. எழுதாதீர்கள். மேலே பார்த்தபடி நம் மரபில் புறச்சொல் என்பது எதிரே இருப்பவர் கேட்கச் சொல்வது, நேர் எதிர்ப்பொருள். ‘ஒதுக்குரை’ என்றால் ஒதுங்கிச் சொல்வது என்று படிப்பவருக்கே விளங்கிவிடும், என் ஓட்டு அதற்குத்தான். பிரதி எழுதும்போது மட்டும் பொதுப்பெயர் போதாது. மன்னனின் அந்த வரிகளுக்கு முன்னால் (தனக்குள்) என்று போட்டால் நடிகர் பார்வையைத் தாழ்த்துவார், (பார்வையாளரிடம்) என்று போட்டால் அரங்கை நேராகப் பார்த்துக் குற்றத்தை ஒப்புக்கொள்வார். இரண்டும் ஒதுக்குரைதான், ஆனால் எது வேண்டும் என்பதைப் பிரதியிலேயே எழுதிவிடுங்கள்.