நான்கு நொடிக்குள் ஒரு கோபம்

திரையில் ஒருவர் பேசுகிறார். அதே நேரத்தில் கீழே இரண்டு வரிகள் தோன்றி மறைகின்றன. பேச்சு காதுக்கு வந்துகொண்டே இருக்கும், ஆனால் வரிகளைக் கண் படித்தாக வேண்டும். அந்தக் கண்ணுக்கோ நடிகரின் முகம், கை, பின்னணியில் திறக்கும் கதவு என்று பார்க்க வேறு வேலைகளும் உண்டு. ஆகவே பேசியது அத்தனையும் எழுத்தாக வருவதில்லை. சப்டைட்டில் எழுதுகிறவர் எதை விடுகிறார், எதை வைக்கிறார், எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதை ஒரே ஒரு வசனத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் நேரக் கணக்கு. ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் நெடுநாள் கடைப்பிடித்த ஒரு வழக்கத்துக்கு ‘ஆறு நொடி விதி’ என்று பெயர். வரிக்குச் சுமார் 37 எழுத்துகள், இரண்டு முழு வரிகள், அவற்றைப் படிக்க ஆறு நொடி. வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 12 எழுத்துகள். இன்றைய பார்வையாளர்கள் இதைவிட வேகமாகப் படிக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் ஆங்கில சப்டைட்டில்களுக்கு வரிக்கு 42 எழுத்துகள் என்றும், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளில் நொடிக்கு 20 எழுத்துகள் வரை போகலாம் என்றும் வைத்திருக்கிறது. ஒரு சப்டைட்டில் ஏழு நொடிக்கு மேல் திரையில் நிற்கக் கூடாது. அதிக நேரம் நின்றால் படித்து முடித்த கண் மறுபடியும் அதே வரிக்குப் போய்விடும். கண்ணின் அசைவைக் கருவியால் பதிவுசெய்து, 12, 16, 20 என்று மூன்று வேகங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. பார்வையாளர்கள் 20க்கும் ஈடுகொடுத்தார்கள். மெதுவாகப் போனபோதுதான் படித்ததையே திரும்பப் படித்தார்கள்.

இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே எடுத்துவந்தால் ஒரு சிக்கல் எழும். மென்பொருள் எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. ‘போகிறேன்’ என்பதில் நமக்குத் தெரிவது நான்கு எழுத்துகள்: போ, கி, றே, ன். கணினியோ ப என்பதை ஒன்றாகவும், அதன் ஓகாரக் குறியை இன்னொன்றாகவும் எண்ணும். மேலே வைக்கும் புள்ளியும் அதற்கு ஒரு குறிதான். ஆக மொத்தம் எட்டு. கண்ணுக்குப் புள்ளி தனிச்சுமை இல்லை, ஆனால் பல மென்பொருள்களில் அது கணக்கில் ஏறிவிடும். அதனால் தமிழில் எழுதும்போது திரையில் சிவப்பாக எச்சரிக்கும் எண்ணை மட்டும் நம்பி வெட்டுவது தவறு. நான் இரண்டையும் எண்ணிப் பார்ப்பேன்.

இப்போது வசனத்துக்கு வருவோம். பயிற்சிக்காக நானே அமைத்த ஆங்கிலக் காட்சி இது. வீடு விற்கப்பட்ட செய்தி மரியாவுக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. கணவனைத் திட்டுகிறாள். அவன் ஏழு நொடிக்குள் 27 ஆங்கிலச் சொற்களைக் கொட்டுகிறான். எதையும் விடாமல் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘இங்கே பார், நான் உன்னிடம் சொன்னேன் மரியா, போன வாரமே உன்னிடம் சொன்னேன், இந்த வீட்டை விற்க வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது உன் சகோதரன், நான் இல்லை.’

முதல் வாக்கியத்தை அவன் நான்கு நொடியில் சொல்லி முடிக்கிறான். இடைவெளிகளையும் சேர்த்து மென்பொருள் இதை 133 என்று எண்ணும். கண் பார்க்கும் எழுத்தாக எண்ணினால் 84. நான்கால் வகுத்தால் முதல் கணக்கில் நொடிக்கு 33, இரண்டாவதில் 21. எப்படிப் பார்த்தாலும் முடியாது. இரண்டு வரியில் அடங்கவும் அடங்காது.

எதை விடலாம்? ‘மரியா’ போகலாம். அவள் எதிரில்தான் நிற்கிறாள், அவள் பெயர் ஒலியிலும் கேட்கிறது. பெயர் எந்த மொழியிலும் பெயர்தான், காது அதைப் பிடித்துக்கொள்ளும். ‘இங்கே பார்’ போகலாம். அவன் விரல் நீட்டிப் பேசுவதைக் கண் பார்க்கிறது. ‘சொன்னேன், சொன்னேன்’ என்று இரண்டு முறை வருவதில் ஒன்று போகலாம். ஆனால் இந்த மூன்றையும் விட்டால் வாக்கியத்தின் சூடும் சேர்ந்து போய்விடுகிறது. மிஞ்சுவது ‘போன வாரமே சொன்னேன்’. இது தகவல் சொல்கிறது, எரிச்சலைச் சொல்லவில்லை.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. ‘சொன்னேனே!’ என்று ஓர் ஏகாரத்தைச் சேர்த்தால் போதும். இங்கே பார், சொன்னேனா இல்லையா, ஏன் மறுபடியும் என்னைக் கேட்கிறாய் என்பதெல்லாம் அந்த ஒற்றை ஏகாரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆங்கிலம் சொற்களை அடுக்கிக் காட்டிய கோபத்தைத் தமிழ் சொல்லின் வாலில் வைத்துக்கொள்ளும். ‘ஒருபோதும்’ என்பதையும் இப்படியே ‘விரும்பவே இல்லை’ என்பதற்குள் அடக்கிவிடலாம். சுருக்குவது என்றாலே வெட்டுவது என்று நினைக்கிறவர்கள் இந்த ஏகாரத்தையும் ‘தான்’ என்பதையும்தான் முதலில் வெட்டுகிறார்கள். உண்மையில் கடைசிவரை காப்பாற்ற வேண்டியவை அவைதாம்.

அடுத்து ‘நான்’. ‘சொன்னேனே’ என்பதில் பேசுகிறவன் யார் என்பதை ‘ஏன்’ விகுதி காட்டிவிடுகிறது, எனவே அங்கே ‘நான்’ வேண்டாம். இதைப் பழக்கமாகக் கொண்டு எல்லா இடத்திலும் ‘நான்’ எடுத்தால் மாட்டிக்கொள்வோம். ‘வீட்டை விற்க விரும்பவே இல்லை’ என்பதில் விரும்பாதது யார்? நானா, நீயா, அவர்களா? ‘இல்லை’ யாருக்கும் பொது. ஆளைக் காட்டும் விகுதி அதில் கிடையாது. யார் விற்றது என்பதே சண்டையாக இருக்கும் காட்சியில் அந்த ‘நான்’ போனால் பொருளே போய்விடும். ஆகவே அது இருக்கட்டும்.

‘போன வாரமே’ என்பதை விடலாமா? இந்தக் காட்சியை மட்டும் பார்த்தால் விடலாம் என்றுதான் தோன்றும். தொடக்க காலத்தில் ஒரு தொடரில் இப்படி ஒரு நாள் குறிப்பைத் தேவையற்றது என்று நீக்கிவிட்டேன். இரண்டு பகுதிகள் கழித்து அதே பாத்திரம் வழக்கறிஞர் முன் ‘உங்களுக்கு எப்போது தெரியும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுகிறது. என் சப்டைட்டிலைப் படித்து வந்தவருக்கு அந்தத் திணறல் புரிந்திருக்காது. திரும்பிப் போய்ச் சேர்த்தேன். அன்று முதல் படம் முழுவதையும் ஒருமுறை பார்த்து முடிக்காமல் முதல் வரியை எழுதுவதில்லை. நாள், எண், பெயர், ‘இல்லை’ என்னும் மறுப்பு, இவற்றில் கை வைக்கும் முன் பின்னால் எங்கே வருகின்றன என்று தேடுகிறேன்.

இரண்டாம் வாக்கியத்துக்கு மூன்று நொடி. ‘நான் இல்லை’ என்பதை நீக்கிவிட்டு ‘தான்’ சேர்த்தால் அது ஈடுகட்டிவிடும். பத்திரம் மேசையின் மேல் கிடப்பதை இதற்கு முந்தைய காட்சியில் கேமரா காட்டியிருப்பதால் அந்தச் சொல்லும் வேண்டாம். இனி வருவதுதான் கடினம். ஆங்கிலத்தில் உள்ள சொல் உடன்பிறந்தவன் என்றுமட்டும் சொல்கிறது. ‘சகோதரன்’ என்று போட்டால் சண்டைக்கு நடுவில் மேடைப்பேச்சு போல் ஒலிக்கும். அண்ணனா, தம்பியா? படத்தில் எங்காவது வயது தெரிகிறதா என்று தேட வேண்டும். அண்ணன் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி: போட்டானா, போட்டாரா? மைத்துனர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த மனிதன் மற்றக் காட்சிகளில் அவருக்கு மரியாதை கொடுத்தே பேசுகிறான் என்றால் ‘போட்டார்’தான். ஆங்கிலம் கேட்காத இந்த இரண்டு கேள்விகளுக்கும் தமிழ் பதில் கேட்கிறது.

வரிசையும் முக்கியம். ‘கையெழுத்துப் போட்டது உன் அண்ணன்தான்’ என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அண்ணனைக் குறிக்கும் சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதைக் கேட்டதும் மரியாவின் முகம் மாறுகிறது. படிக்கிறவர் இன்னும் ‘கையெழுத்துப் போட்டது’ என்ற இடத்தில் இருப்பார். எதற்காக முகம் மாறியது என்று தெரியாமலே அந்த நொடி கடந்துவிடும். அண்ணனை முன்னால் கொண்டுவந்தால் முகமும் சொல்லும் சேர்கின்றன. இவ்வளவும் ஆன பிறகு கோப்பில் இருப்பது இது:

```
118
00:23:41,200 --> 00:23:45,200
போன வாரமே சொன்னேனே!
வீட்டை விற்க நான் விரும்பவே இல்லை.

119
00:23:45,300 --> 00:23:48,300
உன் அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார்.
```

முதல் சப்டைட்டில் மென்பொருள் கணக்கில் 53, நொடிக்கு ஏறத்தாழ 13. இரண்டாவது 37, நொடிக்கு 12. வரம்புக்குள் இன்னும் இடம் இருக்கிறது. ‘மரியா’வைத் திரும்பச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். நான் சேர்க்க மாட்டேன். மிஞ்சும் நேரம் நடிகர்களின் முகத்துக்கு உரியது. இரண்டு சப்டைட்டிலுக்கும் இடையில் விட்டிருக்கும் பத்தில் ஒரு பங்கு நொடியும் காரணத்தோடுதான். அந்தச் சிறு வெறுமை இல்லாவிட்டால் வரி மாறியதைக் கண் கவனிக்கத் தவறலாம்.

இந்த வசனத்தில் நல்லவேளையாக ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சப்டைட்டிலுக்குள் அடங்கியது. நீண்ட வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்க நேர்ந்தால் தமிழில் வேறொரு தொல்லை உண்டு. நமக்கு வினைமுற்று கடைசியில் வரும். ‘என்னை வீட்டைவிட்டுத் துரத்திய உன் அப்பாவே வந்து கூப்பிட்டால்’ என்று முதல் சப்டைட்டில் முடிந்து, ‘நாளை வருகிறேன்’ அடுத்ததில் வந்தால், பார்வையாளர் மூன்று நான்கு நொடி எதையும் முடிக்க முடியாமல் சொற்களை நினைவில் தாங்கிக்கொண்டு காத்திருப்பார். ஆங்கிலத்தில் பேசுகிறவரோ வருவதாக முதலிலேயே சொல்லிவிட்டார், எதிரில் இருப்பவர் அதற்குள் சிரித்தும்விட்டார். இதற்கு வழி வாக்கியத்தை உடைத்து இரண்டு முழு வாக்கியங்களாக்குவது. முதலில் ‘நாளை வருகிறேன், ஆனால் ஒன்று.’ அடுத்து ‘என்னைத் துரத்திய உன் அப்பாவே கூப்பிட வேண்டும்.’ இலக்கண அழகு சற்றுக் குறைந்தாலும் ஒவ்வொன்றும் தன் நேரத்தில் புரிந்துவிடுகிறது.

சுருக்கம் எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. மூல மொழி தெரிந்தவர் கேட்டுக்கொண்டே படிப்பார், விடுபட்ட சொல் அவருக்கு உடனே உறுத்தும். தெரிந்த மொழியாக இருந்தாலும், தேவையே இல்லாவிட்டாலும், கண் தானாகவே சப்டைட்டிலுக்குப் போய்விடுகிறது என்பதை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஜெரி டிடெவால் குழுவினர் கண்ணசைவுப் பதிவுகள் மூலம் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஆங்கிலப் படத்துக்கு எழுதும்போது நான் குறைவாகச் சுருக்குகிறேன், கூடியமட்டும் ஆங்கிலச் சொல்வரிசையை ஒட்டிப் போகிறேன். நம்மில் பலருக்கு அறிமுகமில்லாத கொரிய மொழி என்றால் கை சற்றுத் தாராளமாகவே வெட்டும். காது கேளாதவர்களுக்காக எழுதும்போது கணக்கு தலைகீழ். ‘பெயர் ஒலியில் கேட்கிறது’ என்று மரியாவை நீக்கிய காரணம் அங்கே செல்லாது. அவள் முதுகு காட்டி நின்றால் பெயரை எழுதியே ஆக வேண்டும்.

முடித்த பிறகு ஒரு சோதனை செய்கிறேன். படத்தைப் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து, ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுவேன். நான் திரையைப் பார்ப்பதில்லை, அவர் கண்ணைப் பார்ப்பேன். வரி மறைந்த பிறகும் கண் கீழேயே நின்றால் அவர் படித்து முடிக்கவில்லை. காட்சி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: ‘வீட்டை விற்றது யார்?’ சென்ற முறை உட்கார்ந்தவர் என் சித்தி. ‘அண்ணன்காரன்’ என்றார் உடனே. பிறகு நான் கேட்காமலே, ‘இவனுக்கு முன்னாடியே தெரியும், பொண்டாட்டி இப்போதான் காதில் வாங்குகிறாள்’ என்றார். ‘போன வாரமே’ அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.