ஒரு நாள் விட்டு ஒரு நாள்: கோள்களின் வரிசையையும் வளிமண்டல அடுக்குகளையும் நினைவில் நிறுத்தும் கதைகள்

தமிழில் படிக்கும் குழந்தைக்குப் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்து கோள்களின் பெயர்கள் அறிவியல் பாடம் தொடங்கும் முன்பே தெரிந்திருக்கின்றன, ஏனெனில் அவை கிழமைகளின் பெயர்கள். ஆனால் கோள்களை வரிசையாகச் சொல்லும்போது அந்தப் பழக்கமே இடறுகிறது. செவ்வாய் என்று சொன்னவுடன் நாக்கு தானாகவே புதனுக்குத் தாவுகிறது. சூரியனிலிருந்து எண்ணினால் செவ்வாய்க்கு அடுத்து வரவேண்டியதோ வியாழன். இவ்வாறு குழப்பும் கிழமை வரிசைக்குள்ளேயே சரியான கோள் வரிசையும் அடங்கியிருக்கிறது.

அதை வெளியே எடுக்கும் வழி எளியது. புதன்கிழமையில் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எண்ண வேண்டும்: புதன், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு இருக்கும் இடத்தில் பூமியை வைத்துவிட்டால், சூரியனுக்கு அருகிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் முதல் ஆறு கோள்களின் வரிசை பிழையின்றிக் கிடைத்துவிடும்.

இதைச் சிறுவர்களுக்குக் கதையாகச் சொல்லலாம். ஒரு சந்தை வியாபாரி வெயில் கொளுத்தும் ஊரிலிருந்து புறப்பட்டு, நாளுக்கு நாள் குளிர்ந்த ஊர்களை நோக்கிச் செல்கிறார். ஒரு நாள் வியாபாரம், மறுநாள் ஓய்வு என்பது அவர் வழக்கம். புதன் சந்தையிலும் வெள்ளி சந்தையிலும் விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்குத் தம் வீட்டுக்கு வருகிறார். அந்த வீடுதான் பூமி. பிறகு செவ்வாய், வியாழன், சனி என மூன்று சந்தைகளை முடிக்கிறார். அடுத்த முறை திங்கட்கிழமை வரும். திங்கள் என்பது நிலவு, கோள் அல்ல. ஆகவே அவருடைய சுற்று சனியோடு முடிகிறது.

இது தற்செயலான பொருத்தம் அல்ல. பண்டைய வானியலாளர்கள் வானில் நகரும் ஏழு ஒளிப்பொருள்களை, மெதுவாக நகர்வதிலிருந்து விரைவாக நகர்வது வரை, சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், நிலவு என்று வரிசைப்படுத்தினர். சனி வானை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 29 ஆண்டுகளும் நிலவு 27 நாள்களும் எடுத்துக்கொள்வதால், மெதுவானது தொலைவில் இருக்கும் என்று அவர்கள் கருதினர். நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவற்றுள் ஒன்றை இதே வரிசையில் ஒதுக்கினார்கள். நம் பஞ்சாங்கங்களில் இன்றும் அச்சாகும் ஓரை அட்டவணை அந்த வரிசையையே பின்பற்றுகிறது. ஒரு நாளின் முதல் ஓரைக்கு உரியது எதுவோ, அதன் பெயரே அந்தக் கிழமைக்கு அமைந்தது. இருபத்து நான்கை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. ஆகவே ஒவ்வொரு நாளும் பெயர் அந்த வரிசையில் மூன்று இடம் முன்னே தாவுகிறது. இரண்டு நாள்களில் ஆறு இடம் தாவும். ஏழு பேர் கொண்ட சுற்றில் ஆறு இடம் முன்னே செல்வதும் ஓரிடம் பின்னே செல்வதும் ஒன்றே. அதனால்தான் ஒரு நாள் விட்டு எண்ணும்போது, விரைவானதிலிருந்து மெதுவானதை நோக்கி, அதாவது உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு படியாக நகர்கிறோம். அந்தப் பழைய வரிசையில் சூரியன் இருந்த இடம், 1543-இல் கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்த பிறகு, பூமிக்கு உரியதாயிற்று.

யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் கிழமை இல்லை, ஏனெனில் கிழமைகளுக்குப் பெயரிட்டவர்கள் அவற்றை அறிந்திருக்கவில்லை. இந்த இரண்டில் எது முதலில் என்னும் ஐயம் பலருக்கு வரும். இதற்குக் கற்பனைக் கதை தேவையில்லை. நடந்த கதையே போதும். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டறிந்தார். அது கணக்கிட்ட பாதையை விட்டுச் சற்று விலகியே நகர்ந்தது. அதற்கும் அப்பாலிருந்து வேறொரு கோள் இழுக்க வேண்டும் என்று பிரான்சின் லெவெரியே கணக்கிட்டுச் சொல்ல, 1846-இல் பெர்லினில் யோகான் காலே ஏறத்தாழ அதே இடத்தில் நெப்டியூனைக் கண்டார். இழுக்கப்பட்டது முன்னே, இழுத்தது அப்பால் என்று நினைவில் கொண்டால் இவ்விரண்டும் இடம் மாறா.

கதை ஏன் உதவுகிறது என்பதை 1969-இல் கார்டன் பவர், மைக்கல் கிளார்க் ஆகிய இரு உளவியலாளர்கள் சோதித்தனர். பத்துச் சொற்கள் கொண்ட பன்னிரண்டு பட்டியல்களை ஒரு குழுவினர் கதையாகக் கோத்துப் படித்தார்கள். மற்றக் குழுவினர் தம் வழக்கப்படி படித்தார்கள். ஒவ்வொரு பட்டியலையும் படித்தவுடன் கேட்டபோது இரு குழுவினரும் ஏறக்குறைய முழுமையாகச் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு மீண்டும் கேட்டபோது, கதை கோத்தவர்கள் சுமார் 93 விழுக்காடும் மற்றவர்கள் 13 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். படித்தவுடன் ஒப்பிக்கச் சொல்வது கற்றலுக்கான சோதனையே ஆகாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

கதைக்கும் ஒரு குறை உண்டு. அது தொடக்கத்திலிருந்து ஓடுவதற்குப் பழகிவிடுகிறது. ‘ஐந்தாவது கோள் எது?’ என்றால், குழந்தை புதனிலிருந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கும். நடுவில் ஓர் எல்லையை நட்டுவைத்தால் இது தீரும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சிறுகோள் பட்டை இருக்கிறது. அதற்கு உள்ளே நான்கு பாறைக் கோள்கள், வெளியே நான்கு பெருங்கோள்கள். வரிசை பதிந்துவிட்டதா என்று அறிய, ‘சனிக்கு முன் எது?’ என்று பின்னோக்கிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வளிமண்டல அடுக்குகளில் பாதி வேலையைப் பெயர்களே செய்துவிடுகின்றன. கீழடுக்கு கீழே, வெளியடுக்கு வெளியே, இடையடுக்கு ஐந்தின் நடுவே. எஞ்சுபவை மீள் அடுக்கும் வெப்ப அடுக்கும் மட்டுமே. அவற்றில் எது இரண்டாவது, எது நான்காவது என்பதுதான் சிக்கல்.

இதற்கு ஒரு தபால்காரரை ஐந்து தளக் கட்டடத்தில் ஏற்றலாம். முதல் தளத்தில் மழை. ஏற ஏறக் குளிர்கிறது, ஏனெனில் அடுப்பு தரையில் இருக்கிறது. இரண்டாம் தளத்தில் ஓசோன் பாட்டி குடை பிடித்து வெயிலை வாங்கிக்கொள்கிறார். அதனால் மேலே செல்லச் செல்லச் சூடு மீள்கிறது. மூன்றாம் தளத்தில் குடை இல்லை, கடுங்குளிர்; அங்கே எரிகற்கள் தீப்பொறியாகின்றன. நான்காம் தளத்தில் மீண்டும் வெப்பம். விண்வெளி வீரர்கள் குடியிருக்கிறார்கள். ஐந்தாம் தளத்துக்குக் கூரை இல்லை.

குறைவு, கூடுதல், குறைவு, கூடுதல் என மாறும் வெப்பநிலைதான் அடுக்குகளைப் பிரிக்கும் அளவுகோல் என்பதால், இக்கதை காரணத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. மீள் அடுக்கில் ஓசோனும், வெப்ப அடுக்கில் மெல்லிய ஆக்சிஜனும் நைட்ரஜனும் சூரியனின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன. உறிஞ்சும் இடத்தில் சூடு ஏறுகிறது. இடையடுக்கின் உச்சியில், ஏறத்தாழ 85 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை சுமார் மைனஸ் 90 டிகிரி வரை இறங்குகிறது.

இரண்டாம் அடுக்குக்கு ‘விமானம் பறக்கும் அடுக்கு’ என்ற பரவலான குறிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் கீழடுக்கே 16 முதல் 18 கிலோமீட்டர் உயரம் வரை நீள்கிறது. 10, 12 கிலோமீட்டரில் செல்லும் பயணிகள் விமானம் சென்னைக்கு மேலே பறக்கும்போது கீழடுக்கில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பு துருவங்களுக்கு அருகே, கீழடுக்கு எட்டு கிலோமீட்டரளவில் முடிந்துவிடும் இடங்களில்தான் முழுமையாகப் பொருந்தும். ஓசோன் பாட்டியோ எந்த ஊருக்கு மேலும் இரண்டாம் தளத்தில்தான் இருக்கிறார்.