கறுப்படித்த பிறகும் படத்தில் இருக்கும் எண்

ஆதார் அட்டையைப் படம் எடுத்து, எண்ணின் மேல் விரலால் ஒரு கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. விடுதி அறைக்கு, வாடகை வண்டிக்கு, பிள்ளைகளின் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு படம் போகிறது. அந்தக் கறுப்புக்கு அடியில் எண் அழிந்துவிட்டதா, இல்லை ஒளிந்துகொண்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து வரி பைத்தான் நிரல் எழுதினால் சொல்லிவிடலாம். அதைத்தான் கோத்தகிரியில் பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகளுக்கு உட்கார வைத்துக் காட்டினேன்.

என் பிழைப்பே இந்த எண்களோடுதான். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் கலர் சார்ட்டர் என்று ஓர் இயந்திரம் இருக்கும். சரிந்து விழும் தேயிலையைக் கேமரா பார்க்கும். காம்பும் நாரும் தென்பட்டால் காற்றை ஊதி ஒதுக்கித் தள்ளும். காம்பு எது, தூள் எது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. இந்த எண்ணுக்கு மேலே இருந்தால் ஊது, கீழே இருந்தால் விடு. அவ்வளவுதான் அதன் அறிவு. அந்த எல்லை எண்ணைச் சரிபார்த்து வைப்பது என் வேலை.

அவள் ஒரு போட்டிக்கு அனுப்ப வைத்திருந்த ஆதார் படத்தில் முதல் எட்டு இலக்கங்கள் மேல் மார்க்கரால் இரண்டு தடவை தேய்த்திருந்தாள். “நன்றாகக் கறுப்பாகத்தானே இருக்கிறது, மாமா?” என்றாள். கறுப்பாகத் தெரிகிறது, அதை நானும் மறுக்கவில்லை. கறுப்பாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மடிக்கணினியைத் திறந்து, ஆதாரை விட்டுவிட்டு, ஒரே ஓர் இலக்கத்தோடு ஆரம்பித்தோம்.

```
import numpy as np

ezhu = np.array([
    [240, 240, 240, 240, 240],
    [240,  30,  30,  30, 240],
    [240, 240, 240,  30, 240],
    [240, 240,  30, 240, 240],
    [240, 240,  30, 240, 240]], dtype=np.uint8)
```

கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு 30 இருக்கும் இடங்களை மட்டும் பாருங்கள், ஏழு தெரியும். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வரும் அணிதான் இது: கிடையாக ஐந்து நிரை, செங்குத்தாக ஐந்து நிரல். ஒவ்வோர் எண்ணும் ஒரு புள்ளியின் வெளிச்சம். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. 240 வெள்ளைத்தாள், 30 அச்சு மை. கடைசியில் உள்ள `uint8` என்பது, ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை மட்டுமே இருக்கலாம் என்ற கட்டுப்பாடு. வண்ணப்படம் என்றால் ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். போன் கேமராவில் புள்ளிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அளவுதான் பெரிது, சங்கதி இதேதான். படத்துக்குள் ‘ஏழு’ என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பதை அவள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. எண்களைப் பார்த்து ஏழு என்று சொல்வது நாம்தான்.

இனி மார்க்கர். போனில் வரும் மார்க்கர்களில் பல, ஹைலைட்டர் பேனாபோலச் சற்றே ஊடுருவித் தெரியும் வகை. அவை புள்ளியின் பழைய எண்ணைத் தூக்கி எறிவதில்லை, குறைக்கின்றன. ஒரு தடவை தேய்த்தால் வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகிறது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு தடவை தேய்த்தால், ஐந்தால் இரண்டு முறை வகுத்துப் பின்னத்தை விட்டுவிடுவது.

```
mai = ezhu // 5 // 5
print(mai)
```

```
[[9 9 9 9 9]
 [9 1 1 1 9]
 [9 9 9 1 9]
 [9 9 1 9 9]
 [9 9 1 9 9]]
```

அவள் திரையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். ஏழு அசையாமல் அதே இடத்தில் நின்றது. 9 என்ற எண்ணுக்குத் திரை தரும் வெளிச்சம் முழு வெள்ளையில் நூறில் ஒரு பங்குகூட வராது. 1 அதைவிடக் குறைவு. இரண்டுமே நம் கண்ணுக்குக் கறுப்பு. கணினிக்கு 9 வேறு, 1 வேறு. அப்புறம் அதை மேலே தூக்க ஒரு பெருக்கல் போதும்: `mai * 25` என்றால் தாள் 225 ஆகிறது, மை 25 ஆகிறது. மார்க்கர் அடிப்பதற்கு முன்பு இருந்த படம் ஏறக்குறைய அப்படியே திரும்பி வருகிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். போனின் படத்திருத்தியில் வெளிச்சத்தையும் நிழல் பகுதியையும் கடைசிவரை தள்ளினால் நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

“இன்னும் பெரிய எண்ணால் பெருக்கினால் இன்னும் தெளிவாகுமா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவளே 30 போட்டுப் பார்த்தாள். வந்தது இது: தாள் 14, மை 30. எல்லாம் மறுபடி இருட்டு. ஒன்பது முப்பது 270. `uint8`-இல் 270-க்கு இடம் இல்லை. 255-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கி 14-இல் போய் நிற்கும். நாம் பயன்படுத்தும் நம்பை என்ற நூலகம் இதற்கு எச்சரிக்கை எதுவும் தராது, வாயைத் திறக்காமல் தவறான விடையைத் தந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர், ‘பெருக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, படம் பத்திரமாக இருக்கிறது’ என்ற முடிவுக்கு வருவார்கள். படம் பத்திரமாக இல்லை, பெருக்கல்தான் வழிந்துவிட்டது. `mai.astype(int) * 30` என்று முதலில் இடத்தை அகலப்படுத்திக்கொண்டால் 270-உம் 30-உம் ஒழுங்காக வரும். தொழிற்சாலையிலும் இந்த வழிதல் வரும்: மிக வெளிச்சமான காம்பு, இருட்டான தூள்போல எண்ணப்பட்டு நல்ல தேயிலையோடு போய்ச் சேரும்.

சரி, இன்னும் ஒரு தடவை தேய்த்திருந்தால்? ஐந்தால் மூன்றாம் முறை வகுத்தோம். தாள் 1, மை 0. அதுவும் போதும், 200-ஆல் பெருக்கினால் ஏழு வந்து நிற்கிறது. நான்காம் முறை வகுத்தபோதுதான் எல்லாம் 0 ஆனது. பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம் என்பதால் அங்கே கதை முடிந்தது. ஆனால் நம் போனின் மார்க்கர் ஐந்தில் ஒன்றாகக் குறைக்கிறதா, மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறதா, மேலே மேலே தேய்த்தாலும் ஓர் அளவுக்குப் பிறகு குறைக்காமல் நின்றுவிடுகிறதா என்பது நமக்குத் தெரியாது. ஆகவே ‘இத்தனை தடவை தேய்த்தால் போதும்’ என்று ஒரு கணக்குச் சொல்ல நான் தயாராக இல்லை.

கொடநாடு காட்சிமுனையில் அவள் எடுத்த படம் ஒன்றை நடுவில் திறந்தோம். ரங்கசாமி மலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடுபனி. எண்களைப் பார்த்தால் அந்தப் பகுதி முழுவதும் ஒரு சிறிய இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அங்குள்ள மிகக் குறைந்த எண்ணை எல்லாவற்றிலிருந்தும் கழித்து, மீதியைப் பெருக்கினோம். மலையின் விளிம்பு சாம்பல் கோடாக மேலே வந்தது. மார்க்கரில் இருட்டுப் பக்கம் செய்த கணக்கையே இங்கே வெளிச்சப் பக்கம் செய்தோம். அவளுக்கு ஆதாரைவிட இதுதான் பிடித்தது, அது வேறு விஷயம். ஆனால் பனி மிகக் கெட்டியாக இருந்த மூலையில் எவ்வளவு பெருக்கினாலும் வெறும் பொரிப் பொரியான இரைச்சல்தான் வந்தது. எண்ணில் வேறுபாடு இருந்தால்தான் அதைப் பெருக்கிக் காட்ட முடியும்; இல்லாததை எந்தப் பெருக்கலும் கொண்டு வராது.

மறைப்பது என்றால் பழைய எண்ணைக் குறைக்காமல் வேறோர் எண்ணை அதன் இடத்தில் வைக்க வேண்டும்.

```
ezhu[1:5, 1:4] = 0
print(np.unique(ezhu[1:5, 1:4]))
```

விடை `[0]`. அந்தக் கட்டத்துக்குள் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது என்று பொருள். அங்கே முன்பு ஏழு இருந்ததா, மூன்று இருந்ததா என்பதற்கு இந்த எண்களில் தடயமே இல்லை. இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. `1:5` என்றால் 1, 2, 3, 4 ஆகிய நிரைகள். 5 சேராது, எண்ணிக்கையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். நிரைகளுக்கு `1:4` என்று போட்டால் ஏழின் கால்நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போனில் விரலால் தேய்க்கும்போதும் இதே தொல்லைதான்: இலக்கத்தின் மேல்நுனியோ கீழ்நுனியோ தப்பிவிடும். அந்த நுனியை வைத்தே 7-ஐயும் 8-ஐயும் பிரித்துவிடலாம்.

போனில் இதைச் செய்ய, மார்க்கரை விட்டுவிட்டு, உள்ளே முழுமையாக நிரப்பிய கட்டத்தை வரையும் வசதியைத் தேடுங்கள். ஊடுருவும் அளவைக் காட்டும் பட்டி இருந்தால் அதை முழு அடர்த்திக்குத் தள்ளுங்கள். கட்டங்கட்டமாகக் கலங்கடிக்கும் மொசைக் வேண்டாம். அது அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை விட்டு வைக்கிறது. எழுத்துருவும் அளவும் தெரிந்தால், ஓர் இடத்துக்குப் பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாக மொசைக் செய்து எது பொருந்துகிறது என்று ஒப்பிட்டுவிடலாம். ஆதாருக்கென்றால் இந்தப் பாடே வேண்டாம்: கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அவளும் கடைசியில் அதைத்தான் அனுப்பினாள்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. எண்களின் கட்டம் படத்துக்குள் இருக்கிறது. கோப்பு என்பது கட்டம் மட்டுமல்ல. 2023-இல் கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் ஒரு குறை வெளியே வந்தது. வெட்டிச் சேமித்த திரைப்பிடிப்புகளில், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் அப்படியே தங்கியிருந்தது. அதிலிருந்து பழைய படத்தில் பெரும்பகுதியை மீட்க முடிந்தது. நம்பையில் திறந்து பார்த்தால் வெட்டிய படம் மட்டுமே தெரியும், வால் தெரியாது. அதனால் மறைத்த படத்தைத் திரையில் முழுதாகத் திறந்துவைத்து, அதைப் புதிதாகத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் புதிய கோப்பை அனுப்புவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். திரையில் தெரிவதன் எண்கள் மட்டுமே புதிய கோப்புக்குள் போகும். ஆனால் மார்க்கர் மிச்சம் வைத்த 9-உம் 1-உம் திரைப்பிடிப்பிலும் கூடவே வரும் என்பதால், கட்டம் போட்டு மறைப்பதற்கு இது மாற்று ஆகாது.

உங்கள் படத்தையே சோதிக்க விரும்பினால், பிஎன்ஜி கோப்பாக எடுத்துக்கொண்டு இப்படித் திறக்கலாம். பில்லோ என்ற நூலகம் வேண்டும். `L` என்பது வண்ணப்படத்தையும் புள்ளிக்கு ஓர் எண்ணாக்கிவிடும்.

```
import numpy as np
from PIL import Image
p = np.array(Image.open("attai.png").convert("L"))
print(p.shape)
```

முதலில் வருவது உயரம், அடுத்தது அகலம். மறைத்த பகுதியின் நிரை, நிரல் எண்களைக் குறித்துக்கொண்டு `np.unique` கேளுங்கள். ஓரத்தில் சில எண்கள் கலப்பது இயல்பு, அதனால் விளிம்பைவிட்டு உள்ளே தள்ளிக் கேட்பது நல்லது. உள்ளே ஒரே எண் வந்தால் அனுப்பலாம். 0, 1, 2 என்று இரண்டு மூன்று எண்கள் வந்து, கோப்பு இடையில் ஒருமுறையாவது ஜேபெக்காகச் சேமிக்கப்பட்டிருந்தால், அது சுருக்கத்தால் வந்ததா, ஒளிந்திருக்கும் இலக்கமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு, அசலிலிருந்து புதிதாக மறைத்து, பிஎன்ஜியாகச் சேமித்து, மறுபடி கேளுங்கள்.