ஒரே சந்தா, ஒரே பெட்டி: பிள்ளையின் ஆட்டம் அப்பாவின் ப்ரொஃபைலில் மாட்டிக்கொண்டால்

டர்பனில் வீடுகளுக்குப் போய் டிவி, வைஃபை, கேம் கன்சோல் எல்லாம் பொருத்தி, ஓடவைத்துக் கொடுப்பது என் வேலை. ஜூன், ஜூலை பள்ளி விடுமுறை வந்தால் போதும், சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் ஒரே மாதிரி போன் வரும். "காசு கட்டிதான் இருக்கோம், ஆனா பையன் ப்ரொஃபைல்ல ஒண்ணும் காட்ட மாட்டேங்குது." பெட்டி கெட்டுவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பெட்டி நன்றாகவே இருக்கும். பழைய ப்ரொஃபைலை மட்டும் அவசரத்தில் அழித்திருக்கக் கூடாது. அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன். பிளேஸ்டேஷன் 5-ஐ வைத்தே சொல்கிறேன். எனக்கு அதிகம் வரும் அழைப்பு அதைப் பற்றித்தான்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு வீடு. அப்பா தன் பெயரில் கணக்கு திறந்து, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்டி, ஒரு கால்பந்து கேமை டிஜிட்டலாக வாங்கியிருந்தார். பதினான்கு வயதுப் பையன் முதல் நாளிலிருந்தே அப்பாவின் ப்ரொஃபைலில்தான் ஆடி வந்தான். இரவில் நெடுநேரம் ஆடுகிறான் என்று அம்மா கவலைப்பட்டு, அவனுக்கென்று ஒரு பிள்ளைக் கணக்கு தொடங்கி, தினமும் இவ்வளவு நேரம்தான் என்று வரம்பும் வைத்தார். அது சரியான காரியம். நேர வரம்பு அந்தப் பிள்ளையின் கணக்கில்தான் வேலை செய்யும். அவன் அப்பாவின் ப்ரொஃபைலில் உட்கார்ந்தால் எந்த வரம்பும் அவனைத் தொடாது.

ஆனால் புது ப்ரொஃபைலில் கேமைத் திறந்ததும் பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. பல சீசன் ஆடி மேலே கொண்டுவந்த கரியர் மோட் அணி அங்கே இல்லை. "அங்கிள், எல்லாம் போச்சு" என்றான். அம்மா அதற்கு முன்பே, அவனைச் சமாதானப்படுத்த, தன் போனில் இருந்த பிளேஸ்டேஷன் ஆப் வழியாகக் கேமுக்குள் செலவழிக்கும் பாயின்ட்களை வாங்கியிருந்தார். அந்த ஆப்பில் அப்பாவின் கணக்கே திறந்திருந்தது. பையனின் திரையில் பாயின்ட் பூஜ்யம். "தம்பி, ரெண்டு தடவை காசு போயிருக்குமோ?" என்று கேட்டார்.

ஒரு தடவைதான் போயிருந்தது. எதுவும் தொலையவும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே சந்தாவில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் மூன்று வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலாவது, கேமை ஆடும் உரிமை. வாங்கியவர் அப்பா என்றாலும், அதே பெட்டியில் உள்ள மற்றவர்களும் ஆடலாம். அதற்கு ஓர் அமைப்பு உண்டு: Settings-க்குள் Users and Accounts, அதற்குள் Other, அதற்குள் Console Sharing and Offline Play. அப்பாவின் கணக்கில் இது இந்தப் பெட்டிக்கு இயக்கப்பட்டிருந்தால், அவர் வாங்கிய கேம்களும், அவர் கட்டும் சந்தாவால் கிடைக்கும் ஆன்லைன் ஆட்டமும் வீட்டில் எல்லாருக்கும் பொது. ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ்5-இல்தான் இதை இயக்க முடியும். தம்பி வீட்டுப் பிள்ளைகளும் ஆடட்டும் என்று அங்கே போய் இயக்கிவிட்டு வந்தால், இங்கே உங்கள் பிள்ளையின் திரையில் கேமின் மேல் பூட்டு விழும். பூட்டுச் சின்னம் தெரிந்தால் அது உரிமைப் பிரச்சினை. இந்த அமைப்பைச் சரிபார்த்து, அதே Other பக்கத்தில் உள்ள Restore Licenses-ஐ அப்பாவின் ப்ரொஃபைலிலிருந்து ஒருமுறை ஓட்டினால் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

இந்த வீட்டில் பூட்டு இல்லை. கேம் நன்றாகத் திறந்தது. ஆனால் புதிதாகத் தொடங்கச் சொன்னது. அதுதான் இரண்டாவது விஷயம்: ஆடிய கதை, அதாவது சேவ் டேட்டா. அது கேமோடு ஒட்டியிருப்பதல்ல, ஆடியவரின் கணக்கோடு ஒட்டியிருப்பது. அண்ணன் ஆடிய இடத்தைத் தங்கை தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். கோப்பைகள் இன்னொரு காரணம்: பிளேஸ்டேஷனில் கேமுக்குள் கிடைக்கும் கோப்பைகள் 2008 முதல் ஆளின் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. ஒருவர் ஆடி முடித்ததை இன்னொருவர் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள முடிந்தால் அந்தக் கோப்பைக்குப் பொருளே இருக்காது. வங்கியில் அப்பா பெயரிலும் மகன் பெயரிலும் தனித்தனிப் பாஸ்புக் இருப்பதைப் போல, ஒரே கிளை என்பதற்காக ஒருவர் வரவு இன்னொருவர் பக்கத்தில் தெரியாது.

இதில் மாற்று வழி உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பிஎஸ்5 கேம்களின் சேவ் டேட்டாவை யுஎஸ்பியில் எடுத்து இன்னொரு ப்ரொஃபைலில் வைக்க முடியாது. யுஎஸ்பி நகல் வசதி பிஎஸ்4 கேம்களின் சேவுக்கு மட்டும்தான். பிளஸ் சந்தா தரும் கிளவுட் சேமிப்பும் சந்தா கட்டியவரின் சேவுக்கு மட்டுமே. ஆன்லைன் ஆட்டம் பிள்ளைக்குப் பகிரப்படும், கிளவுட் இடம் பகிரப்படாது. இது நிறையப் பேருக்குத் தெரியாத இடம். அதாவது பையன் இனி தன் ப்ரொஃபைலில் ஆடப்போவது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கும். பெட்டி பழுதானால் அப்பாவின் சேவ் கிளவுடில் இருக்கும், பையனுடையது இருக்காது. அவனுக்கும் அது வேண்டுமென்றால் அவன் கணக்குக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும். ஒரு கால்பந்து கேமுக்காக அப்படிக் கட்டச் சொல்லி நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

மூன்றாவது, கேமுக்குள் செலவழிக்கும் பாயின்ட், நாணயம் போன்றவை. முழுக் கேமைப் போல இவை வீட்டுக்குப் பொதுவாகாது. எந்தக் கணக்கில் வாங்கினோமோ அந்தக் கணக்குக்கே சேரும், பிறகு மாற்ற முடியாது. அம்மா வாங்கிய பாயின்ட் எங்கே போனது என்று பார்க்க, பணம் கட்டியதற்கு வந்த மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னேன். அதில் Online ID என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அப்பாவின் ப்ரொஃபைலுக்குப் போய் அதே கேமைத் திறந்தோம். பாயின்ட் முழுதும் அப்படியே இருந்தது. பக்கத்திலேயே பையனின் பழைய அணியும் இருந்தது. கரியர் மோடில் நான்காவது சீசன், இடைவேளைப் பருவத்தில் விட்ட இடம். அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும்.

இப்படிக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்காமல், "இந்தப் பழைய ப்ரொஃபைலால்தான் குழப்பம், அழித்துவிடலாம்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்டியிலிருந்து ஒரு பயனரை நீக்கினால் அந்தப் பெட்டியில் அவருக்குச் சேமித்த சேவ் எல்லாம் சேர்ந்தே போகும். அவருக்குப் பிளஸ் சந்தா இருந்து, சேவ் கிளவுடிலும் ஏறியிருந்தால் மீட்கலாம். இல்லையென்றால் மீட்க வழி இல்லை. நீக்குவதற்கு முன் பெட்டி ஒரு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் அதைப் படிக்காமல் பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

அந்த வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். பழைய அணியைப் பையன் அப்பாவின் ப்ரொஃபைலிலேயே தொடரலாம், ஆனால் அப்பாவோ அம்மாவோ கூடத்தில் இருக்கும்போது மட்டும். அந்த ப்ரொஃபைலுக்கு உள்ளே நுழைய நான்கு இலக்கக் கடவுக்குறி வைத்தோம். வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்தோம். கார்டு அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருந்தது, அதனால் இது இல்லாமல் கடவுக்குறி மட்டும் போதாது. புதிதாகத் தொடங்கும் எல்லாக் கேமும் பையனின் சொந்தக் கணக்கில். அவன் கணக்கின் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யத்திலேயே விட்டோம். ஏதாவது வேண்டுமென்றால் அம்மா அந்த மாதத்துக்கு மட்டும் வரம்பை உயர்த்திவிட்டு, அவன் ப்ரொஃபைலுக்குள் இருந்தபடியே வாங்கித் தருவார். அப்போது பாயின்ட் சரியான இடத்தில் சேரும்.

திருப்பிக் காசு கேட்கலாமா என்றும் அம்மா கேட்டார். டிஜிட்டல் கேமை வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இறக்கத் தொடங்காமல் இருந்தால் கேட்கலாம். கணக்கில் சேர்ந்துவிட்ட பாயின்ட்டுக்கு அந்த வழி கிடையாது. அதனால் அவற்றை அப்பாவின் ப்ரொஃபைலில் பழைய அணிக்குப் பக்கத்தில் உள்ள ஆட்டத்திலேயே செலவழிக்கச் சொன்னேன்.

நெட்ஃப்ளிக்ஸிலும் இதே எண்ணம் கொஞ்சம் வேறு உருவில் வருகிறது. ஒரு கணக்கில் ஐந்து ப்ரொஃபைல் வரை வைக்கலாம். பாட்டி பாதியில் விட்ட தொடர் பாட்டியின் ப்ரொஃபைலில் மட்டுமே காட்டும், நெட்ஃப்ளிக்ஸ் தரும் மொபைல் கேம்களில் ஆடிய இடமும் ப்ரொஃபைலுக்குத் தனி. ஆனால் அங்கே ஒரு நல்ல வசதி உண்டு. 2022 முதல் ஒரு ப்ரொஃபைலை அப்படியே இன்னொரு கணக்குக்கு மாற்றலாம், பார்த்த வரலாறும் பட்டியலும் கூடவே போகும். மகள் திருமணமாகி ஜோகன்னஸ்பர்க் போகும்போது இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். பிளேஸ்டேஷனில் இப்படி ஒன்று கிடையாது என்பதால் அங்கே முதல் நாளே சரியாகத் தொடங்குவது முக்கியம்.

இங்கே நம் தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கலையும் பார்க்கிறேன். வேலைக்காகச் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தவர்கள், இந்தியாவில் தொடங்கிய பழைய பிளேஸ்டேஷன் கணக்கையே இங்கும் வைத்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்குப் பிள்ளைக்கு இங்கே கடையில் ராண்ட் வவுச்சர் வாங்கிக் கொடுத்தால், அந்தக் கணக்கில் அது ஏறாது. கணக்கின் நாடும் வவுச்சரின் நாடும் ஒன்றாக இருக்க வேண்டும், கணக்கின் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. வவுச்சர் வாங்கும் முன், பிள்ளையின் ப்ரொஃபைலில் கடைப் பக்கத்தைத் திறந்து விலை ராண்டில் தெரிகிறதா, ரூபாயில் தெரிகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள்.