நேற்றுக் கொதித்தது நேற்றோடு சரி

இந்த ஆவணியில் இது மூன்றாவது விருந்து. அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு. அன்றிரவு 10 மணிக்கு டாக்டரான என் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். திங்கள் விடிவதற்குள் முப்பது பேரைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் ஒரே கதை: வயிற்றை முறுக்கும் வலி, தண்ணீராகப் பேதி. காய்ச்சல் இல்லை, வாந்தி அநேகமாக யாருக்கும் இல்லை.

சென்னையிலிருந்து வந்தவர்கள் "காரைக்குடித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்கள். உள்ளூர்க்காரர்கள் "கண் பட்டுவிட்டது" என்றார்கள். வீட்டுப் பெரிய ஆச்சி மட்டும் என் பக்கம் திரும்பி, "தம்பி, குழம்பு தளதளவென்று ஒரு மணி நேரம் கொதித்தது. அதில் என்ன கிருமி இருக்கும்?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வி இருபது வருடமாக என் காதில் விழுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பிட்டு ஒன்பது, பத்து மணி நேரம் கழித்து வலியும் பேதியும் வந்து, வாந்தியும் காய்ச்சலும் இல்லையென்றால், முந்தின நாள் பெரிய பாத்திரத்தில் வைத்த கறிக்குழம்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கிருமியின் பெயர் குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். மண்ணிலும் ஆட்டின் குடலிலும் அது சாதாரணமாக இருப்பது. பச்சைக் கறியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவதைத் தடுக்க முடியாது. சமையற்காரரைத் திட்டிப் பயனில்லை. பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று குழம்பு கேட்டால், அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். எப்போதும் கழுவித்தான் விடுகிறார்கள்.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். கொதித்தால் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கிருமி, கஷ்டகாலத்தில் தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டிக்கொண்டு விதைபோல உறங்கும். அந்த வித்துகளில் பல கொதியைத் தாங்கிவிடும். தாங்குவது மட்டுமல்ல, அந்தச் சூடே அவற்றை எழுப்பியும் விடுகிறது. குழம்பு ஆறத் தொடங்கும்போது அவை முளைக்கின்றன. அப்போது அங்கே போட்டிக்கு வேறு கிருமி இல்லை, எல்லாம் கொதியில் செத்துவிட்டன. காற்றில்லாத இடம்தான் இதற்குப் பிடிக்கும்; குழம்பிலிருந்த காற்றையும் கொதி விரட்டிவிட்டது. கறி வேண்டிய மட்டும் கிடக்கிறது. வீட்டைக் காலிசெய்து, கூட்டிப் பெருக்கி, சாவியைக் கையில் கொடுத்ததுபோலத்தான்.

"வாடை வரவில்லையே" என்பார்கள். எப்படி வரும்? புளிக்கவைக்கும், நாறவைக்கும் கிருமிகள்தான் நமக்கு எச்சரிக்கை மணி. அவை கொதியில் போய்விட்டன. இது ஒரு கிராம் குழம்பில் பத்து லட்சமாகப் பெருகினாலும் ருசியிலும் மணத்திலும் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

பத்து லட்சம் எப்படி வருகிறது என்று பாருங்கள். 43 டிகிரிக்கும் 47 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இது பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். முளைத்த ஒன்று, ஒரு மணி நேரத்தில் 32 ஆகிறது. இரண்டு மணி நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம். மூன்றில் சுமார் 33 ஆயிரம். அதுவரை சாப்பிட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நான்காவது மணி முடியும்போது பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. "கொஞ்ச நேரம்தானே வெளியில் இருந்தது" என்கிறீர்களே, அந்தக் கடைசிக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. அத்தனை லட்சத்தையும் உயிரோடு விழுங்கினால், அவை குடலுக்குள் போய் மறுபடி வித்தாக மாறும்போது நஞ்சை விடுகின்றன. அதற்குத்தான் அந்த ஒன்பது, பத்து மணி நேரம்.

சனிக்கிழமை மாலை 7 மணிக்கு அடுப்பை அணைத்திருக்கிறார்கள். 50 லிட்டர் அண்டா, இறுக்கமான மூடி. "ஆத்தங்குடித் தரையில்தான் இறக்கி வைத்தோம், சில்லென்று இருக்கும்" என்றார்கள். அந்தத் தரை நம் காலுக்குத்தான் சில். உள்ளங்காலின் சூட்டை அது சட்டென்று வாங்கிக்கொள்வதால் அப்படித் தோன்றுகிறது. தெர்மாமீட்டரை வைத்தால் அறையின் அதே 30 டிகிரிதான்.

எனக்கே ஆவல் தாங்கவில்லை. அடுத்த வாரம் அதே அண்டாவில் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, அதே இடத்தில் இறக்கி, நடுவில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தோம். இரவு 10 மணிக்கு 71 டிகிரி. அதிகாலை 3 மணிக்கு 49. காலை 7 மணிக்கு 41. இந்தக் கிருமி வேகமாகப் பெருகும் சூட்டில் நான்கு மணி நேரம், எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்த வேளையில். கெட்டிக் குழம்பு தண்ணீரைவிட இன்னும் மெதுவாகத்தான் ஆறும்.

இதில் ஒரு வேடிக்கை. ஞாயிறு காலை இடியாப்பத்துக்கென்று அந்தக் குழம்பிலிருந்தே இரண்டு லிட்டர் எடுத்து, சின்னச் சட்டியில் நன்றாகக் கொதிக்கவிட்டிருக்கிறார்கள். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. பெருகி நின்ற கிருமிகளை இரண்டாவது கொதி கொன்றுவிட்டது. மதியப் பந்திக்கோ, கறி கரைந்துவிடும் என்று பயந்து அண்டாவை இலேசாகச் சூடுகாட்டி இறக்கிவிட்டார்கள். மேலே ஆவி பறந்திருக்கும், நடுவில் வெதுவெதுப்புதான். குழம்பின் நடுப்பகுதி 75 டிகிரியாவது தொட வேண்டும். அண்டாவில் அடிவரை கிளறிக் கிளறிக் கொதிக்கவிடாமல் அது நடக்காது.

உடனே "அப்படியானால் மறுபடி கொதிக்கவைத்தால் எல்லாம் சரி" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வெளியில் கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் சோற்றிலேயே நஞ்சைக் கக்கிவைக்கும். அதை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. விரலில் வெட்டுக்காயத்தோடு பிசைபவர் கொடுக்கும் கிருமியும் அப்படித்தான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி எடுத்தால் நான் இவற்றைச் சந்தேகிப்பேன்.

"அந்தக் காலத்தில் எங்களுக்கு ஃபிரிட்ஜ் ஏது?" என்று ஆச்சி விடவில்லை. ஆச்சி, அந்தக் காலத்தில் மிஞ்சிய கறியை உப்புக்கண்டம் போட்டீர்கள். உப்பும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் கிருமி வளர முடியாது. சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டீர்கள், புளிப்பு காவல் காத்தது. மூடிய அண்டாவில் கறிக்குழம்பை விடியவிடிய வைத்திருந்ததாக உங்கள் அப்பத்தா சொல்லி நான் கேட்டதில்லை.

கறி விருந்தென்றால் தயவுசெய்து அன்று காலையில் சமையுங்கள். முடியாதென்றால் இறக்கியவுடன் அகலப் பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றி, ஆவி போகத் திறந்துவைத்து, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கிளறுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்கு இறங்கி, உடனே குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். அண்டாவை அப்படியே குளிர்பெட்டிக்குள் தூக்கி வைக்காதீர்கள். வெளிப்பக்கம் குளிரும், நடு வயிறு விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆறவைக்க வசதியே இல்லையென்றால் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் அடுப்பிலேயே வையுங்கள், விறகு போனால் போகட்டும்.

பேதி பெரும்பாலும் ஒரு நாளில் நின்றுவிடும். அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்தால் போதும், ஆன்டிபயாடிக் வேண்டாம். ஆனால் வயதானவர்களும் குழந்தைகளும் சிறுநீர் போகாமல் சோர்ந்து படுத்தால் காத்திருக்க வேண்டாம். பேதியில் ரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் அது வேறு வியாதி, உடனே வாருங்கள்.

அடுத்த மாதம் பேரனுக்குக் காதுகுத்து என்று ஆச்சி போன வாரம் வந்தார்கள். "50 லிட்டருக்கு எத்தனை பாத்திரம் வேண்டும், தம்பி?" இரண்டடி அகலப் பாத்திரத்தில் இரண்டு அங்குலம் ஊற்றினால் சுமார் 14 லிட்டர் பிடிக்கும். நான்கு எடுத்துவையுங்கள் என்றேன். இரண்டாம் கட்டுச் சாமான் அறையில் சீதனமாக வந்த பித்தளைப் பாத்திரங்கள் நாற்பது கிடக்கின்றனவாம். ஈயம் பூசாத பித்தளையில் புளி விட்ட குழம்பை ஊற்றாதீர்கள், எவர்சில்வரே எடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.